ஒரு ‘ட’, இரண்டு அணிகள்

கைப்பேசி கேலரியில் ஒருவர் நிற்கும் படம் இருக்கிறது. அதை இடப்பக்கமாக ஒரு முறை திருப்பினால் தலை இடப்புறம் சாய்ந்து, ஆள் படுத்துவிடுகிறார். அடுத்து, இடவலம் மாற்றும் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால் தலை வலப்புறம் போய்விடுகிறது. இப்போது படத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதே இரண்டு பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்திப் பார்க்கலாம். முதலில் கண்ணாடி, பிறகு திருப்பல். தலை இடப்புறம் கிடக்கிறது! அழுத்தியவை அதே இரண்டு பொத்தான்கள்தான், ஆனால் கிடைத்தவை இரண்டு வேறு படங்கள்.

கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்கள் பத்தாம் வகுப்பிலேயே அணிகளைப் பார்த்தவர்கள். முதல் அணியின் நிரையை எடு, இரண்டாம் அணியின் நிரலை எடு, ஒன்றோடொன்று பெருக்கு, கூட்டு. இந்த விதி கைக்குப் பழகிப்போயிருக்கும். கூட்டலில் அந்தந்த இடத்து எண்ணை அந்தந்த இடத்து எண்ணோடு கூட்டினால் போதும். பெருக்கலுக்கு மட்டும் ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்டால் பலரிடம் விடை இருக்காது. வரிசையை மாற்றிப் பெருக்கினால் விடை மாறிவிடும் என்பதையும் தேர்வுக்காக நம்பியிருப்பார்களே தவிர, ஏன் மாறுகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். கேலரியில் உள்ள அந்த இரண்டு பொத்தான்களில் இரண்டுக்கும் விடை இருக்கிறது.

நிரலைப் படிக்கும் முறை

ஒரு கட்டத்தாளில் ‘ட’ என்ற எழுத்தை வரைந்துகொள்ளலாம். அதன் மூலை (0, 0) என்ற புள்ளியில் இருக்கட்டும். நெடுங்கால் நேராக மேலே ஏறி (0, 2) வரை போகிறது. குறுங்கால் வலப்பக்கம் நீண்டு (1, 0) வரை போகிறது. இந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ‘ப’வைக் கண்ணாடியில் காட்டினால் ‘ப’வாகவே தெரியும், மாற்றம் நடந்ததா என்றே சொல்ல முடியாது. ‘ட’ அப்படி ஏமாற்றாது. எப்படித் திருப்பினாலும் எந்தப் பக்கம் புரட்டினாலும் அதன் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி இரண்டு அணிகள். ஒன்று, இடப்பக்கமாக 90 பாகை திருப்பும் சுழல் அணி. மற்றது, இடவலம் மாற்றும் கண்ணாடி அணி.

```
R = |  0  -1 |        M = | -1   0 |
    |  1   0 |            |  0   1 |
```

இவற்றை நான்கு எண்கள் கொண்ட பெட்டிகளாகப் பார்ப்பதைவிட, இரண்டு நிரல்களாகப் பார்ப்பது நல்லது. முதல் நிரல், வலப்பக்கம் ஒரு கட்டம் தள்ளியுள்ள (1, 0) என்ற புள்ளி மாற்றத்துக்குப் பின் எங்கே போய் நிற்கும் என்று சொல்கிறது. இரண்டாம் நிரல், மேலே ஒரு கட்டம் தள்ளியுள்ள (0, 1) எங்கே போகும் என்று சொல்கிறது. R-இன் முதல் நிரலில் 0, 1 இருக்கிறது. அதாவது, வலப்பக்கம் பார்த்த அம்பு மேல்நோக்கித் திரும்பிவிட்டது. இரண்டாம் நிரலில் −1, 0 இருக்கிறது. மேலே பார்த்த அம்பு இடப்பக்கம் திரும்பிவிட்டது. அணியைப் படித்ததிலேயே சுழற்சி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. M-ஐயும் இப்படியே படிக்கலாம்: வலம் இடமாகிறது, மேல் மேலாகவே இருக்கிறது.

மற்ற புள்ளிகள் எங்கே போகும்? (3, 2) என்பது வலப்பக்கம் மூன்று அடி, மேல்பக்கம் இரண்டு அடி. சுழற்றிய பின்னும் அது மூன்று அடியும் இரண்டு அடியும்தான். அடி வைக்கும் திசை மட்டும் மாறியிருக்கிறது. எனவே முதல் நிரலை 3 மடங்கும் இரண்டாம் நிரலை 2 மடங்கும் எடுத்துக் கூட்டினால் போதும்.

```
3 × (0, 1) + 2 × (-1, 0) = (-2, 3)
```

கட்டங்கள் நேர்கோடாகவும், ஒன்றுக்கொன்று இணையாகவும், சம இடைவெளியிலும் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். கேமரா லென்ஸ் கோடுகளை வளைத்துக் காட்டும் படத்தை இப்படி இரண்டு நிரல்களுக்குள் அடக்க முடியாது. திருப்பல், புரட்டல், நீட்டல், சுருக்கல், சாய்த்தல் ஆகியவை அடங்கும்.

ஒன்றன் மேல் ஒன்று

முதலில் கண்ணாடி, பிறகு சுழற்சி. இந்த இரண்டையும் ஒரே அடியில் செய்யும் அணி ஒன்று வேண்டும். அதை எழுத, இரண்டே இரண்டு புள்ளிகளின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் போதும்.

(1, 0) கண்ணாடியில் புகுந்து (−1, 0) ஆகிறது. அதைச் சுழற்றினால் (0, −1). ஆகவே புதிய அணியின் முதல் நிரல் 0, −1. அடுத்து (0, 1) கண்ணாடியில் மாறாமல் அப்படியே வருகிறது. சுழற்றினால் (−1, 0). அது இரண்டாம் நிரல்.

```
R M = |  0  -1 |
      | -1   0 |
```

இப்படிக் கிடைத்ததுதான் பெருக்கற்பலன். இங்கே நடந்தது, M-இன் ஒவ்வொரு நிரலையும் ஒரு புள்ளியாக எடுத்து R-க்குள் செலுத்தியது மட்டுமே. அந்தச் செலுத்துதலை எண் எண்ணாக எழுதிப் பார்த்தால் பாடநூல் விதி தானாகவே வெளியே வருகிறது. பலனில் மேல் இடது மூலை எண்ணை எடுத்துக்கொள்வோம். M-இன் முதல் நிரல் (−1, 0) என்பது, R-இன் முதல் நிரலை −1 மடங்கும் இரண்டாம் நிரலை 0 மடங்கும் எடு என்கிறது. அவற்றின் மேல் எண்கள் 0, −1. ஆக, 0 × (−1) + (−1) × 0 = 0. R-இன் மேல் நிரை, M-இன் முதல் நிரலோடு பெருக்கிக் கூட்டப்பட்டிருக்கிறது. நிரையும் நிரலும் சந்திப்பது இந்த இடத்தில்தான்.

RM என்று எழுதும்போது M இரண்டாவதாக நின்றாலும் வேலையை முதலில் தொடங்குவது அதுதான். புள்ளி வலக்கோடியில் நிற்கிறது. அதை ஒட்டி நிற்கும் அணிதான் அதை முதலில் தொடும். தமிழில் ‘கழுவி, நறுக்கி, வதக்கினாள்’ என்றால் வேலை நடந்த வரிசையிலேயே சொற்களும் நிற்கின்றன. அணிகளில் அது தலைகீழ். ‘வதக்கு, நறுக்கு, கழுவு’ என்று எழுதிவிட்டு வலமிருந்து படிக்க வேண்டும். தொடக்க மாணவர்களின் பிழைகளில் பெரும்பங்கு இந்த இடத்தில் விழுகிறது. புள்ளியை நிரையாக எழுதி அணிக்கு இடப்பக்கம் வைக்கும் நூல்களும் உண்டு. அங்கே எல்லாமே இடமிருந்து வலமாக ஓடும். அணிகளின் நிரைகள் நிரல்களாகப் புரண்டிருக்கும். இரண்டு நூல்களிலிருந்து பாதிப் பாதியாக எடுத்துக் கலந்தால், படம் எதிர்ப்பக்கம் சுழலும்.

இப்போது வரிசையை மாற்றி, முதலில் சுழற்சி, பிறகு கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். (1, 0) சுழன்று (0, 1) ஆகிறது, கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. (0, 1) சுழன்று (−1, 0) ஆகிறது, கண்ணாடியில் (1, 0) ஆகிறது.

```
M R = | 0   1 |
      | 1   0 |
```

‘ட’வின் நெடுங்கால் நுனியை இரண்டிலும் செலுத்திப் பார்க்கலாம். RM அதை (−2, 0)-க்கு அனுப்புகிறது, அதாவது இடப்பக்கம். MR அதை (2, 0)-க்கு அனுப்புகிறது, வலப்பக்கம். கேலரியில் படுத்திருந்தவரின் தலை ஒரு முறை இடமும் ஒரு முறை வலமுமாகக் கிடந்ததற்குக் கணக்கு இதுதான்.

வரலாற்றிலும் இந்த வழியாகத்தான் பெருக்கல் வந்தது. ‘மேட்ரிக்ஸ்’ என்ற சொல்லை 1850-இல் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். லத்தீனில் அதற்குக் கருப்பை என்று பொருள். ஓர் எண் கட்டத்திலிருந்து பல அணிக்கோவைகள் பிறக்கின்றன என்பது அவர் எண்ணம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘அணி’ என்று எழுத, இலங்கைப் பாடநூல்களோ அதே பொருளுக்குத் ‘தாயம்’ என்று எழுதுகின்றன. சில்வெஸ்டரின் நண்பர் ஆர்தர் கெய்லி, லண்டனில் வழக்கறிஞராக இருந்துகொண்டே கணிதம் செய்தவர். 1858-இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையில் அவர் அணிகளைத் தனிப் பொருள்களாக எடுத்துக்கொண்டு, அவற்றின் கூட்டலையும் பெருக்கலையும் வகுத்தார். ஒரு சமன்பாட்டுத் தொகுதியை இன்னொன்றுக்குள் பதிலிட்டால் வரும் தொகுதி எதுவோ, அதுவே பெருக்கற்பலன் என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. நிரை-நிரல் விதி அந்தப் பதிலிடுதலின் விளைவு.

இடத்துக்கு இடம் பெருக்கினால்

‘அந்தந்த இடத்து எண்ணை அந்தந்த இடத்து எண்ணோடு பெருக்கிவிட்டால் என்ன?’ என்ற கேள்விக்கு, பைத்தானின் நம்பை நூலகத்தில் இரண்டு வரிகளில் விடை கிடைக்கும். அதில் அணிப்பெருக்கலுக்கு ஒரு குறியும், இடத்துக்கு இடம் பெருக்க வேறொரு குறியும் உண்டு.

```python
import numpy as np
R = np.array([[0, -1], [1, 0]])
M = np.array([[-1, 0], [0, 1]])
print(R @ M)   # [[ 0 -1] [-1  0]]
print(R * M)   # [[0 0] [0 0]]
```

இரண்டாவது விடை முழுக்கப் பூச்சியம். R-இல் எண் இருக்கும் இடத்தில் M-இல் பூச்சியம், M-இல் எண் இருக்கும் இடத்தில் R-இல் பூச்சியம். இந்த அணியைப் படத்தின் மேல் போட்டால் ‘ட’ முழுதும் மூலையில் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். திருப்பிப் புரட்டச் சொன்னோம், படமே காணாமல் போய்விட்டது. `@` போட வேண்டிய இடத்தில் `*` போட்ட நிரலர் பெரும்பாலும் இப்படித்தான் பிழையைக் கண்டுபிடிக்கிறார். பிழைச்செய்தி எதுவும் வராது. இரண்டுமே 2 × 2 என்பதால் கணினிக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரியான பெருக்கலுக்கு இன்னொரு பலனும் உண்டு. 4000 × 3000 அளவுள்ள ஒரு படத்தில் 1.2 கோடி பிக்சல்கள். ஒரு புள்ளியை 2 × 2 அணிக்குள் செலுத்த 4 பெருக்கல்கள் வேண்டும். கண்ணாடி, சுழற்சி என்று தனித்தனியாகச் செய்தால் பிக்சலுக்கு 8 வீதம் 9.6 கோடிப் பெருக்கல்கள். முதலில் அணிகளை ஒன்றோடொன்று பெருக்க 8 பெருக்கல்கள்தான். அதன்பின் பிக்சலுக்கு 4 வீதம் 4.8 கோடி. பாதி வேலை மிச்சம். மூன்று, நான்கு என்று மாற்றங்கள் அடுக்கப்பட்டாலும் பிக்சலுக்கு 4-ஐத் தாண்டாது. எதை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றே என்ற சேர்ப்புப் பண்பு இருப்பதால்தான் இது முடிகிறது. இடவல வரிசையை மாற்றக் கூடாது. அடைப்புக்குறியை எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

படம் திரையை விட்டு ஓடும்போது

கட்டத்தாளில் சரியாக வந்த கணக்கைத் திரைக்குக் கொண்டுபோனவுடன் இரண்டு குழப்பங்கள் வருகின்றன. முதலாவது, திரையில் மேலிருந்து கீழாக எண்ணுவது வழக்கம். y கூடினால் புள்ளி கீழே இறங்கும். அதனால் கட்டத்தாளில் இடப்பக்கமாகத் திருப்பிய அதே R, திரையில் வலப்பக்கமாகத் திருப்புகிறது. கணக்கில் தவறில்லை, தாள்தான் தலைகீழாக இருக்கிறது.

இரண்டாவது குழப்பம் இன்னும் பெரியது. 2 × 2 அணி எதுவானாலும் (0, 0)-ஐ அசைக்க முடியாது. எந்த நிரலையும் பூச்சியம் மடங்கு எடுத்தால் பூச்சியம்தான். திரையில் (0, 0) என்பது படத்தின் மேல் இடது மூலை. எனவே அணி படத்தை அந்த மூலையில் ஆணி அடித்துச் சுழற்றுகிறது. 90 பாகை சுழற்றியதும் படம் முழுதும் எதிர்மறை எண்களின் பக்கம் போய்விடும். திரையில் மிஞ்சுவது கறுப்பு. நடுவில் ஆணி அடிக்க வேண்டுமானால் படத்தின் நடுப்புள்ளியை மூலைக்கு நகர்த்தி, சுழற்றி, மீண்டும் பழைய இடத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்தலையும் அணியாக எழுதுவதற்கு, ஒவ்வொரு புள்ளியின் கடைசியிலும் ஒரு 1-ஐச் சேர்த்து (x, y, 1) என்று எழுதி, 3 × 3 அணிகளுக்கு மாறுவார்கள். 5 × 5 கட்டப் படத்தின் நடுப்புள்ளி (2, 2) என்றால், மூன்று அணிகளையும் பெருக்கிய பலன் இது:

```
| 0  -1   4 |
| 1   0   0 |
| 0   0   1 |
```

சரிதானா என்று பார்க்க நடுப்புள்ளியையே செலுத்தலாம். −2 + 4 = 2, மேலும் 2 + 0 = 2. நடுப்புள்ளி அசையவில்லை. மூலை (0, 0) போய் நிற்பது (4, 0)-இல், அதாவது அடுத்த மூலையில். படம் திரைக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்பது பேர், ஏழு இருக்கை

90 பாகை வரை எல்லாம் முழு எண்கள். 45 பாகைக்குப் போனவுடன் கதை மாறுகிறது.

```
|  0.71  -0.71 |
|  0.71   0.71 |
```

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பிக்சல் கொண்ட ஒரு குட்டிப் படத்தை எடுத்துக்கொள்வோம். x-உம் y-உம் 0, 1, 2. மீண்டும் கட்டத்தாளுக்கு வந்து, (0, 0)-இலேயே ஆணி அடித்துச் சுழற்றுவோம். (1, 0) போகும் இடம் (0.71, 0.71). பிக்சல் அரைக் கட்டத்தில் உட்கார முடியாது. அருகிலுள்ள முழு எண்ணான (1, 1)-க்குத் தள்ளப்படுகிறது. (2, 0) போகும் இடம் (1.41, 1.41). அதற்கும் அருகிலுள்ள இருக்கை (1, 1)தான்! இரண்டு பிக்சல்கள் ஒரே இருக்கையில். அதேபோல் (0, 1)-உம் (0, 2)-உம் (−1, 1) என்ற ஒரே இடத்தில் மோதுகின்றன. ஒன்பது பேருக்கு ஏழு இருக்கைகள்தான் நிரம்புகின்றன.

மோதல் இருந்தால் எங்கோ காலியும் இருக்கும். (1, 1) போவது (0, 1.41)-க்கு, அருகிலுள்ள இருக்கை (0, 1). (2, 2) போவது (0, 2.83)-க்கு, அருகிலுள்ள இருக்கை (0, 3). நடுவில் இருக்கும் (0, 2)-இல் உட்கார யாரும் வரவில்லை. அதன் இருபக்கமும் (−1, 2), (1, 2) நிரம்பியிருக்க, அது மட்டும் ஓட்டையாக நிற்கிறது. பெரிய படத்தில் இவை சல்லடைக் கண்களைப் போலச் சீரான கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பார்த்தவுடன், நிரலர் மூலப் படத்தின் பிக்சல்களை ஒவ்வொன்றாக முன்னோக்கி அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

வழக்கமான தீர்வு, கேள்வியைத் திருப்பிப் போடுவது. ‘நீ எங்கே போகிறாய்?’ என்று பழைய பிக்சலைக் கேட்காமல், ‘நீ எங்கிருந்து வருகிறாய்?’ என்று புதிய இருக்கையைக் கேட்கிறார்கள். அதற்கு நேர்மாறு அணி வேண்டும். 45 பாகை எதிர்ப்பக்கம் திருப்பினால் அதுதான். ஓட்டையாக நின்ற (0, 2)-ஐ அதில் செலுத்தினால் (1.41, 1.41) வருகிறது. மூலப் படத்தில் அந்த இடம் (1, 1), (2, 1), (1, 2), (2, 2) என்ற நான்கு பிக்சல்களுக்கு நடுவே இருக்கிறது. நான்கின் நிறத்தையும் தூரத்துக்கு ஏற்பக் கலந்து, மிக அருகிலுள்ள (1, 1)-க்குப் பெரும்பங்கு கொடுத்து இருக்கையை நிரப்புகிறார்கள். ஒவ்வொரு இருக்கையும் கேட்கப்படுவதால் எதுவும் விடுபடாது. ஓப்பன்சிவி நூலகத்தின் `warpAffine` முன்னோக்கிய அணியை வாங்கிக்கொண்டு, உள்ளே தானே நேர்மாறு கண்டு இப்படித்தான் வேலை செய்கிறது. நேர்மாறை நாமே கண்டு கொடுத்துவிட்டு, அதைத் தெரிவிக்கும் `WARP_INVERSE_MAP` என்ற குறியை விட்டுவிட்டால், படம் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும்.

பல அணிகளின் பலனுக்கு நேர்மாறு காணும்போதும் வரிசை புரளும். கண்ணாடிக்குப் பின் சுழற்றியதை அவிழ்க்க, முதலில் சுழற்சியை அவிழ்த்து, பிறகு கண்ணாடியை அவிழ்க்க வேண்டும். மூட்டையில் கடைசியாக வைத்த துணிதான் முதலில் வெளியே வரும்.

மூன்று சாய்ப்புகள்

நிறங்களைக் கலந்தால் படம் சற்று மங்கும். கலக்காமலே ஓட்டையைத் தவிர்க்க முடியுமா? 1986-இல் ஆலன் பேத் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சுழற்சி முறையிலிருந்து அதற்கு ஒரு வழி கிடைக்கிறது. அணிப்பெருக்கலை எதிர்த்திசையில் பயன்படுத்தும் முறை அது. இரண்டு அணிகளைப் பெருக்கி ஒன்றாக்குவதுபோல, ஓர் அணியை உடைத்து மூன்றாக்கவும் முடியும்.

அதற்குத் தேவை ‘ஷியர்’ என்ற சாய்ப்பு. சீட்டுக்கட்டை மேசையில் வைத்து, மேலே போகப் போகக் கூடுதலாக இடப்பக்கம் தள்ளினால் கட்டு சாய்கிறது. சீட்டுகள் எதுவும் மடங்குவதில்லை. படத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு கிடை வரிசையும் முழுசாக வழுக்குகிறது, அவ்வளவுதான். 90 பாகைச் சுழற்சியை உடைத்தால் மூன்று அணிகளும் முழு எண்களாகவே வருகின்றன:

```
| 1  -1 |   | 1   0 |   | 1  -1 |
| 0   1 |   | 1   1 |   | 0   1 |
```

கையால் பெருக்கிப் பார்க்கலாம். இடப்பக்க இரண்டையும் முதலில் சேர்ப்போம். மேல் நிரை: 1 × 1 + (−1) × 1 = 0, மேலும் 1 × 0 + (−1) × 1 = −1. கீழ் நிரை மாறாமல் 1, 1. இதை மூன்றாவதோடு சேர்த்தால் மேல் நிரை: 0 × 1 + (−1) × 0 = 0, மேலும் 0 × (−1) + (−1) × 1 = −1. கீழ் நிரை: 1 × 1 + 1 × 0 = 1, மேலும் 1 × (−1) + 1 × 1 = 0. பலன் R-ஏதான். கிடையாக ஒரு சாய்ப்பு, நெடுக ஒரு சாய்ப்பு, மீண்டும் கிடையாக ஒரு சாய்ப்பு. எதிலும் சுழற்சி இல்லை, முடிவில் படம் சுழன்றிருக்கிறது.

மற்றக் கோணங்களுக்குக் கிடைச் சாய்ப்பின் −1 இருக்கும் இடத்தில் பாதிக் கோணத்தின் டேன் மதிப்பை எதிர்க்குறியோடும், நெடுஞ்சாய்ப்பின் 1 இருக்கும் இடத்தில் முழுக் கோணத்தின் சைன் மதிப்பையும் போட வேண்டும். 45 பாகைக்கு அவை −0.41, 0.71. இனி ஒவ்வொரு சாய்ப்புக்குப் பிறகும் வழுக்கிய தூரத்தை முழு எண்ணாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகிறது என்று, மோதிக்கொண்ட இரண்டு பிக்சல்களையே அனுப்பிப் பார்க்கலாம்.

(1, 0) அடிவரிசையில் இருப்பதால் முதல் சாய்ப்பில் அசையாது. இரண்டாம் சாய்ப்பு அதை 0.71, அதாவது ஒரு கட்டம் மேலே ஏற்றுகிறது, (1, 1). மூன்றாம் சாய்ப்பு −0.41, அதாவது பூச்சியம். முடிவு (1, 1). அடுத்து (2, 0): இரண்டாம் சாய்ப்பு 1.41, அதாவது ஒரு கட்டம் ஏற்றி (2, 1) ஆக்குகிறது. மூன்றாம் சாய்ப்பில் அசைவில்லை. முடிவு (2, 1). மோதல் தீர்ந்துவிட்டது. காலியாக இருந்த (0, 2)? (1, 1) முதல் சாய்ப்பில் அசையாமல், இரண்டாவதில் (1, 2) ஆகி, மூன்றாவதில் −0.83, அதாவது ஒரு கட்டம் இடப்பக்கம் வழுக்கி, அதே (0, 2)-இல் வந்து உட்காருகிறது.

காரணம் எளிது. ஒரு வரிசை முழுதும் ஒரே தூரம் வழுக்கும்போது, அதிலுள்ள இரண்டு பிக்சல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வழியே இல்லை. இப்படி மூன்று முறை மோதாமல் நகர்ந்தவை முடிவிலும் மோதுவதில்லை. ஒன்பது பிக்சல்களையும் அனுப்பினால் ஒன்பது தனி இருக்கைகள் நிரம்புகின்றன.

இதற்கு விலையும் உண்டு. (2, 0) உண்மையில் போயிருக்க வேண்டிய இடம் (1.41, 1.41), அது உட்கார்ந்திருப்பதோ (2, 1)-இல். இப்படி ஒவ்வொரு பிக்சலும் கொஞ்சம் விலகுவதால், சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டுபோலப் பிசிறடிக்கும். பேத்தின் முறை வழுக்கும்போதே பக்கத்துப் பிக்சலோடு சிறிது கலந்து இதைச் சரிசெய்கிறது. மங்கல் கொஞ்சம் திரும்பி வருகிறது. கோணம் பெரிதானால் வேறொரு சிக்கல். 180 பாகையை நெருங்கும்போது பாதிக் கோணம் 90-ஐ நெருங்கும், அதன் டேன் மதிப்பு வரம்பின்றி ஏறும், முதல் சாய்ப்பிலேயே வரிசைகள் படத்தை விட்டு வெகுதூரம் ஓடிவிடும். அதனால் 170 பாகை கேட்டால், முதலில் R-ஐ இரண்டு முறை பெருக்கி வரும் 180 பாகையைப் பிக்சல் சிதறாமல் செய்துவிட்டு, எதிர்ப்பக்கம் 10 பாகையை மட்டும் மூன்று சாய்ப்புகளுக்கு விடுகிறார்கள். அந்தப் பத்துப் பாகைக்குப் பாதியின் டேன் மதிப்பு 0.087, ஆயிரம் வரிசை கொண்ட படத்தில் கடைசி வரிசைகூட 87 பிக்சல்தான் வழுக்குகிறது.